டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது: வைத்திருப்பதா, பெட்ரோலுக்கு மாறுவதா?

வண்டி 2021 மாடல், பிஎஸ்6, 1.5 லிட்டர் டீசல். ஓட்டம் சென்னைக்குள் மட்டும்: வேளச்சேரியிலிருந்து கிண்டி, காலையும் மாலையும் நெரிசலில். நான்கு மாதமாக டிபிஎஃப் விளக்கு எரிகிறது. ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறி நிற்கிறது, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, டீசல் வாடையும் அடிக்கிறது.

சர்வீஸில் ஃபோர்ஸ்டு ரீஜென் செய்தார்கள். ஆயில் மாற்றி, பிரஷர் சென்சாரையும் பார்த்தாயிற்று. ஈசிஆரில் மகாபலிபுரம் வரை சீரான வேகத்தில் ஓட்டினால் விளக்கு அணைகிறது. ஊருக்குள் ஓட்டினால் சில வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது.

எனக்குப் புரிந்தது இது. பெட்ரோல் காற்றோடு கலந்த பிறகு ஸ்பார்க்கில் பற்றுகிறது. டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றில் தெளித்ததும் தானாகப் பற்றுகிறது, சரியாகக் கலக்காத இடத்தில் கரி உண்டாகிறது. டிபிஎஃப்பில் சேரும் அந்தக் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அது எட்டுவதில்லை. ரீஜென் பாதியில் நிற்பதால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்குகிறது. டீசலின் மைலேஜ் லாபமும் இதில் கரைகிறது.

இதே மாதிரி நகர ஓட்டத்தில் பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களே, வாரம் ஒரு நெடுஞ்சாலை ஓட்டம் மட்டும் இதற்குப் போதுமா, இல்லை பெட்ரோலுக்கு மாறுவதுதான் வழியா?