சன்னலை ரெண்டு தடவை தாண்டின பந்து: கணக்குல கால் மீட்டர் குறையுது, உதவுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில எங்க வீட்டு முற்றத்துல நின்னு, பிளஸ் ஒன் படிக்கிற மக ரப்பர் பந்தை நேரா மேல எறிஞ்சா. மாடி சன்னலோட கீழ்ச்சட்டத்தைப் பந்து ஏறும்போது 0.6 விநாடியிலயும், இறங்கும்போது 1.2 விநாடியிலயும் தாண்டுச்சு. செல்போன் வீடியோவை ஒவ்வொரு படமா நகர்த்தி எண்ணினோம். விநாடிக்கு 30 படம்.

ஒரே உயரத்துக்கு ரெண்டு நேரம் வருதுன்னா, ரெண்டும் ஒரே இருபடிச் சமன்பாட்டோட மூலங்கள்தானே. கூட்டுத்தொகையில எறிஞ்ச வேகமும், பெருக்குத்தொகையில உயரமும் கிடைச்சுது:

u = g(t₁ + t₂)/2 = 8.82 மீ/வி
h = g·t₁·t₂/2 = 3.53 மீ

ஆனா டேப் வச்சு அளந்தா 3.8 மீட்டர். தரையிலிருந்து இல்ல, பந்து கையை விட்ட இடத்திலிருந்துதான் அளந்தோம்.

எனக்கு ஒரு சந்தேகம். வீடியோவுல விரலும் பந்தும் கலங்கித் தெரியுது, எந்தப் படத்துல கையை விட்டுச்சுன்னு பிடிபடல. ஒரே ஒரு படம் முன்னாடி விட்டிருந்தா ரெண்டு நேரமும் 1/30 விநாடி கூடும், உயரம் 3.83 ஆயிரும்.

அந்தக் கணத்தைச் சரியாப் பிடிக்க என்ன வழி? இல்லாட்டி, கீழ்ச்சட்டத்தை ரெண்டு தடவை தாண்டின இடைவெளி T₁, மேல்சட்டத்துக்கு T₂ன்னு எடுத்து, சன்னலோட உயரத்தை மட்டும் g(T₁² − T₂²)/8ன்னு கண்டா எறிஞ்ச கணமே தேவைப்படாதுல்லா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.