மஞ்சளித்த பழைய படத்தை மூலமாக வைத்து முகம் மாற்றும்போது சாயல் வரவில்லை

கேட்டவர் (மயிலாப்பூர்):
மறைந்த என் தாத்தாவை எங்கள் வீட்டுத் திருமணக் குழுப்படத்தில் சேர்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. என் மாமா அவர் இடத்தில் நின்று தந்தார். inswapper_128 கொண்டு முகத்தை மாற்றினேன். மூலமாக உள்ள 1978ஆம் ஆண்டு வண்ணப் பிரதி மஞ்சளித்து வெளுத்திருக்கிறது. ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தைப் பயன்படுத்தி, GFPGAN-இல் கூர்மையாக்கிய பின்பும், யாரோ ஒருவரின் வழவழப்பான முகமே வருகிறது. மஞ்சளை எப்படி நீக்குவது?

பெரம்பூர்:
படத்தின் வெள்ளை ஓரத்தைக் காட்டி வெண்மையைச் சரிசெய்யுங்கள், மஞ்சள் போய்விடும்.

அடையாறு:
பெரம்பூர் நண்பர் சொல்வது பாதிதான் சரி. ஓரம் காட்டுவது காகிதத்தில் ஏறிய கறையை மட்டுமே. சாயம் வெளிறியது இருண்ட பகுதிகளில்தான் தெரியும். தாத்தாவின் தலைமுடி கறுப்பாக இருக்கிறதா, செம்பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலும், இந்த மாடல் மூலப் படத்தின் நிறத்தை அப்படியே ஒட்டுவதில்லை. மூல முகம் 112 பிக்சலுக்குச் சுருக்கப்பட்டு, 512 எண்களாகத்தான் உள்ளே போகிறது. தோலின் நிறம் பெரும்பாலும் மாமாவின் படத்திலிருந்தே வரும். ஆகவே உங்களுக்குத் தேவை அழகான நிறமன்று, கண்ணையும் மூக்கையும் பிரித்துக் காட்டும் ஒளிநிழல் வேறுபாடு. முதலில் GFPGAN-ஐ விடுங்கள்; அது இல்லாத இமையையும் உதட்டையும் தானே வரைந்துவிடும்.

கேட்டவர்:
முடி செம்பழுப்புதான், சார். அளந்தபோது சிவப்பு, பச்சை, நீலம் முறையே 92, 61, 54. நெற்றியில் உள்ள திருநீறு 226, 205, 158.

அடையாறு:
திருநீறு கிடைத்தது நல்லதாயிற்று! சட்டையைவிட அதை நம்பலாம். அக்காலத்துச் சட்டையில் நீலம் போட்டிருப்பார்கள். தானியங்கித் திருத்தம் இல்லாமல், 16 பிட்டில், 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, லெவல்ஸில் மூன்று சானல்களையும் தனித்தனியே திறந்து, முடியின் எண்கள் மூன்றும் 25 அருகிலும் திருநீற்றின் எண்கள் 235 அருகிலும் வருமாறு நீட்டுங்கள். நீலத்தில் 104 படிகளே மிஞ்சியிருப்பதால் அது இரு மடங்காக நீளும்போது புள்ளிகள் எழும்; நீலத்தை மட்டும் மென்மையாக்கினால் போதும்.

தாம்பரம்:
என்னிடம் கறுப்பு வெள்ளைப் படம் உள்ளது. அதற்கும் முதலில் வண்ணம் ஏற்ற வேண்டுமா?

அடையாறு:
தேவையில்லை. தாத்தாவின் வேறொரு படத்தோடு ஒப்பிட்டு, திருத்தம் உதவியதா என்று மயிலாப்பூர் நண்பர் பார்க்கட்டும். மூலப் படத்தில் கண்டறிந்த முகம் a, மற்றப் படத்தில் உள்ளது b; எண் கூடினால் சாயல் கூடியிருக்கிறது:

```
np.dot(a.normed_embedding, b.normed_embedding)
```

கேட்டவர்:
ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஒப்பிட்டதில் 0.31 என்றிருந்தது 0.52 ஆயிற்று. அம்மா கண்களை உடனே அடையாளம் கண்டார். மீசை மட்டும் இன்னும் மாமாவுடையதாகவே இருக்கிறது.

அடையாறு:
அதற்கு இந்த மாடலில் எனக்கு வழி கிடைக்கவில்லை. கையால் வரைந்துதான் பார்த்திருக்கிறேன்.