நனைந்த சேலைகளுக்கு இருப்பில் என்ன மதிப்பு? அவசரம்

ஈரோட்டுக் கடைக்காரர்: கிடங்கு ஒழுகி 80 சேலைகளில் கறை பிடித்துவிட்டது. நல்ல சரக்கு 300 இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் சந்தை விலை அடக்கவிலையைவிட அதிகம்தானே? பிறகு ஏன் தணிக்கையாளர் மதிப்பைக் குறைக்கச் சொல்கிறார்? நாளைக்குள் முடிக்க வேண்டும்.

வரவுசெலவு: அடக்கவிலை என்ன? கறைச் சேலையை யாராவது விலை கேட்டார்களா? அந்த விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா?

பழைய கணக்கர்: எத்தனை முறை சொல்வது? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள். சரக்கு வாங்கி ஓராண்டு கடந்தால் 25 சதவீதம், ஈராண்டு கடந்தால் பாதி கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மருந்துக்கடை: எங்களுக்குக் காலாவதி மாத்திரைகளை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்களும் நெசவாளரிடமே திருப்பி அனுப்பலாமே?

ஈரோட்டுக் கடைக்காரர்: நனைந்தது எங்கள் கிடங்கில், திருப்ப முடியாது. அடக்கவிலை 620; அதில் ஜிஎஸ்டி இல்லை. ஒரு வியாபாரி வரியோடு 525 தருகிறார். சலவைக்கு 40, தரகு 10. நல்ல சேலை வரி நீங்கலாக 900க்குப் போகிறது.

வரவுசெலவு: 525இல் 5 சதவீத வரி அரசுடையது, உங்களுக்கு 500தான். சலவையும் தரகும் போனால் கையில் நிற்பது 450. அதுதான் நிகரத் தீர்வு மதிப்பு. அடக்கவிலையிலிருந்து சேலைக்கு 170 வீதம், 80க்கு 13,600 ரூபாய் குறையும். நல்ல சேலையின் லாபத்தைக் காட்டி இதை மறைக்க முடியாது. அந்த 300 இன்னும் விற்கவில்லை, அவை 620லேயே நிற்கும். கணக்கியல் தரநிலை 2 பொருள்வாரியாகத்தான் ஒப்பிடச் சொல்கிறது. ஒரே வகைச் சரக்கைச் சேர்க்கலாம். ஆனால் கறை பட்டதும் இவை வேறு சரக்காகிவிட்டன.

பழைய கணக்கரே, வயது ஓர் எச்சரிக்கை மட்டுமே. மூன்று ஆண்டு பழைய வடிவமும் ஏப்ரலில் அடக்கவிலைக்கு மேல் விற்றிருந்தால் எதற்குக் குறைப்பது? அந்த விற்பனைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பழைய கணக்கர்: 50 சேலையில் 6 விற்றால் மீதி 44க்கும் அதே விலை கிடைக்குமா? நாற்பது வருடக் கணக்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வரவுசெலவு: நியாயமான கேள்விதான். அந்த 44க்கு என்ன தள்ளுபடி தர வேண்டியிருக்கும் என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். பொது விகிதம் சொல்லாது.

மருந்துக்கடை: 13,600க்கு உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)(h).

வரவுசெலவு: சரக்கு அழிந்தாலோ கணக்கிலிருந்தே தள்ளப்பட்டாலோ அந்தப் பிரிவு வரும். இவை இன்னும் இருக்கின்றன, வரியோடு விற்கப்போகின்றன. மதிப்புக் குறைப்பு வேறு.

மருந்துக்கடை: எங்கள் ஆலோசகர் கட்டச் சொன்னாரே?

வரவுசெலவு: நீங்கள் மாத்திரையை அழித்திருப்பீர்கள்.

மருந்துக்கடை: பாதி அழித்தோம், பாதி திருப்பினோம். இரண்டுக்கும் கட்டினோம்.

ஈரோட்டுக் கடைக்காரர்: 450 போட்டுவிட்டேன், தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். 12 சேலை கிழிந்தே இருக்கிறது, அவற்றை யாரும் கேட்கவில்லை. பிறகு வருகிறேன்.

வரவுசெலவு: அந்த 12ஐ 450இல் சேர்த்துவிட்டீர்களா?