கொரிய வினைகளில் 'ப்' எப்போது மாறும், எப்போது மாறாது?

வணக்கம். கொரிய மொழியில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிகள் செய்து வருகிறேன். அடிச்சொல்லின் கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் நிகழ்காலத்துக்கு 'ஆயோ', இறந்தகாலத்துக்கு 'ஆஸ்ஸொயோ' சேரும். மற்றவற்றுக்கு 'ஒயோ', 'ஒஸ்ஸொயோ'. இதுவரை சரி.

'ப்' என்று முடியும் அடிச்சொற்களில்தான் எனக்கு உதவி வேண்டும். "நேற்றுக் குளிராக ____" என்ற வாக்கியத்துக்கு சூப்தா என்ற வினை தந்திருக்கிறார்கள். விடை சூவொஸ்ஸொயோ. 'ப்' போய் 'ஊ' வருகிறது, அது 'ஒ'வுடன் சேர்ந்து 'வொ' ஆகிறது. ஆனால் "நேற்றுப் பாவாடை ____" என்பதற்கு, உடுத்துவதைக் குறிக்கும் ஈப்தா, ஈபொஸ்ஸொயோ என்று 'ப்' மாறாமலே நிற்கிறது. எது மாறும் என்பதைச் சொல்லைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா?

அப்புறம் இன்னொன்று. பக்கத்தில் இருப்பதைச் சொல்லும் காக்காப்தாவில் கடைசி உயிர் 'ஆ'. ஆனாலும் விடை காக்காவொயோ. உதவுவதைச் சொல்லும் தோப்தா மட்டும் தோவாயோ ஆகிறது. தோப்தா போல 'வா' எடுக்கும் வினைகள் வேறு எவை? தெரிந்தவர்கள் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.