வால்பாறை ட்ரெயில் கேமராவில் பதிவான இந்த விலங்கு எது?

தேயிலைத் தோட்டம் சோலைக்காட்டைத் தொடும் இடத்தில், முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா. இரவு 2.14 மணி, அகச்சிவப்பு ஒளி, கறுப்பு வெள்ளைப் படம். விலங்கு நடந்துகொண்டே இருந்ததால் உருவம் இழுபட்டிருக்கிறது.

"சிறுத்தைப் பூனைடா," என்றான் நண்பன்.

"வாலைப் பாரு, உடம்பில் முக்கால் நீளம் இருக்கு. சிறுத்தைப் பூனைக்கு பாதிதான் வரும். மூஞ்சியும் கூர். பழுப்பு மரநாயா இருக்கும்."

"அப்போ வாலில் வளையம் மாதிரி தெரியுதே? புனுகுப் பூனையா இருந்தா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டோம். புனுகுப் பூனையின் வாலில் வளையங்கள் உண்டு, பழுப்பு மரநாய்க்குக் கிடையாது. ஆனால் நாங்கள் பார்ப்பது புல்லின் நிழலாகவும் இருக்கலாம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினோம், கண் இன்னும் வெளுத்ததுதான் மிச்சம். அப்புறம் அதே இடத்தில் அளவுகோலை நட்டு, அதே கேமராவில் படமெடுத்து ஒப்பிட்டோம். முதுகு உயரம் சுமார் 25 செ.மீ.; அது இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. நீலகிரி மார்ட்டன் பெரும்பாலும் பகலில் நடமாடுவது, அதனால் அதை விட்டுவிட்டோம்.

வால் தெளிவாக இல்லாதபோது, உடல் வடிவத்தையும் நடையையும் வைத்து இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?