ஸ்டீமில் நண்பர் பட்டியலை மறைத்தால் போதுமா?

மீனா_மதுரை (கேள்வி): பையனுக்கு 14 வயசு. ஸ்டீமில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுறான், கூட்டாளிகளோட டிஸ்கார்டில் பேசிக்கிட்டே. Friends List-ஐ Private ஆக்கிட்டேன். மைக்கில் பேர், ஊர் சொல்லாதேன்னும் சொல்லியாச்சு. இது போதுமா, இல்ல வாய்ஸையே அணைக்கணுமா?

வாசல்_காவல்: அணைச்சிடுங்க மேடம். ஆட்டத்துக்குள்ளேயே பிங் இருக்கு, எதிரி நிக்கிற இடத்தைக் காட்ட அது போதும். 14 வயசுப் பிள்ளை யாரோ முகம் தெரியாத நாலு பேர்கிட்ட வாயைத் திறக்க என்ன அவசியம்?

நெட்_ராஜா: ஒரு விபிஎன் போடுங்க. வாய்ஸில் ஐபி கசியும், அதை வச்சுத்தான் வீட்டையே கண்டுபிடிக்கிறாங்க.

தறி: ராஜா, அது பழைய ஸ்கைப் காலத்துக் கவலை. டிஸ்கார்டு வாய்ஸ் அவங்க சர்வர் வழியாப் போகுது, எதிர்ல இருக்கிறவனுக்கு ஐபி தெரியாது. பையன் வாயால சொல்றதை விபிஎன் மறைக்கவும் மறைக்காது.

அக்கா, நீங்க மறைச்சது அவனோட பட்டியலை மட்டும்தான். அவன் கூட்டாளி ஒருத்தன் பட்டியல் Public-ஆ இருந்தா அதில் இவன் பேரும் படமும் அப்படியே நிக்கும். எப்படிக் கோக்கிறாங்கன்னு பாருங்க. உங்க பையனும் வகுப்புத் தோழர் மூணு பேரும் ஒரே அணி, அஞ்சாவது ஆள் வெளியாள். ஸ்கோர்போர்டிலிருந்தே யாருடைய ப்ரொஃபைலையும் அவன் திறக்கலாம். உங்க பையனோடது பூட்டியிருக்கும். பக்கத்துப் பையனோடது திறந்திருக்கும். அதன் பட்டியலில் நாலஞ்சு பேருக்குப் பேரோட வால்ல ஒரே பள்ளியின் சுருக்கெழுத்து. கீழே கமெண்ட்டில் "ஹேப்பி பர்த்டே டா"ன்னு தேதியோட ஒண்ணு. பள்ளியும் பிறந்தநாளும் கிடைச்சாச்சு. யாரும் மைக்கில் எதுவும் சொல்லல.

அதனால நாலு பையன்களையும் ஒண்ணா உக்கார வைங்க. ஒவ்வொருத்தனும் Edit Profile, Privacy Settings போய் Friends List-ஐ Private ஆக்கணும். Friends Only வேண்டாம். ஒரு ஆட்டம் நல்லா ஆடினான்னு சேத்துக்கிட்ட வெளியாளும் அதில் 'ஃப்ரெண்ட்'தான். கமெண்ட் போடுற அனுமதியும் அதே பக்கத்தில் இருக்கு. பள்ளிப் பேர் ஒட்டின பழைய பேர்களையும் அழிக்கணும், ஸ்டீம் அவற்றை ப்ரொஃபைலில் காட்டும். கடைசியா, லாகின் இல்லாத பிரவுசரில் நாலு ப்ரொஃபைலையும் திறந்து பாருங்க. வெளியாளுக்குத் தெரியறது அதுதான்.

வாசல்_காவல்: நாலு வீட்டுப் பிள்ளைகளையும் யார் கட்டி மேய்ப்பது? நான் சொன்னது ஒரே பொத்தான்.

தறி: அந்தப் பொத்தான் பட்டியலைத் தொடாது சார். மேலே சொன்னதில் வாய்ஸ் எங்கே வந்தது?

சுந்தரி_கோவை: எங்க வீட்டில் டிஸ்கார்டு Noise Suppression-இல் க்ரிஸ்ப் போட்டுட்டோம். பின்னால வர்ற சத்தமே போறதில்ல, நிம்மதி.

தறி: பாதி சரி அக்கா. ஃபேன், கீபோர்டு, தெரு ஹாரன் எல்லாம் அடங்கிடும். மனுசக் குரலை அது பேச்சுன்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு. சமையலறையிலிருந்து "கதிரு, டியூஷன் ஆறு மணிக்கு!"ன்னு கூப்பிட்டா அது போகலாம். டிஸ்கார்டில் Voice & Video பக்கத்தில் மைக் சோதனை இருக்கு. அதை ஓட விட்டுட்டு இன்னொருத்தர் அடுத்த அறையிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், ஹெட்செட்டில் கேட்டுப் பாருங்க.

இதுக்கு மருந்து Input Mode-ஐ Push to Talk ஆக்குறது. அழுத்தும்போது மட்டும் மைக் திறக்கும். ஆனா கீபோர்டில் வச்சா நடக்கிற விரலே அழுத்தவும் வேணும். ரெண்டே நாளில் பையன் பழையபடி மாத்திடுவான். மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் வைங்க, கட்டைவிரல் சும்மாதான் இருக்கு. Release Delay-யைக் குறைவா வைங்க, இல்லைன்னா விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மைக் திறந்தே இருக்கும்.

இன்னொண்ணு, டிஸ்கார்டில் Connections பக்கம். ஸ்டீம் கணக்கை இணைச்சு Display on profile போட்டிருந்தா, ப்ரொஃபைலைப் பாக்கிறவன் நேரா ஸ்டீமுக்குப் போயிடுவான். ஸ்டீமில் பேரை எத்தனை தடவை மாத்தினாலும் அவன் கணக்குக்கு ஸ்டீம் கொடுத்த 17 இலக்க எண் மாறாது.

மீனா_மதுரை: இப்பத்தான் லாகின் இல்லாம பாத்தேன் தம்பி. மூணு பேரில் ரெண்டு பேரோடது திறந்துதான் இருக்கு, ரெண்டிலும் இவன் இருக்கான். ஒருத்தன் அம்மாகிட்ட பேசிடலாம். இன்னொருத்தன் மாத்த மாட்டேங்கிறான். அவனை ஃப்ரெண்ட் லிஸ்ட்லேருந்து எடுத்தா பையன் அழுவான்.

தறி: எடுக்க வேண்டாம்னா இவன் பேரையும் படத்தையும் மாத்துங்க. பள்ளி, ஊர், பிறந்த வருசம், இன்ஸ்டாவில் வச்சிருக்கிற அதே பேர், எதுவும் வேண்டாம். அந்தப் பட்டியலில் இருந்தாலும் இவன் யாருன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமாயிடும்.

வாசல்_காவல்: அவன் குரல் அதேதானே? நான் இன்னும் அணைக்கத்தான் சொல்வேன்.