கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஜீப் நின்றால் அது மோதலா?

கூடலூர் செல்வம்:
என் கதையின் மூன்றாம் காட்சியில் மோதலே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாண்டியம்மா கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறாள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு சூப்பர்வைசரிடம் 3000 ரூபாய் முன்பணம் கேட்க வேண்டும். கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஜீப்பை நிறுத்தி, ஆள் அதிகம் என்று போலீஸ்காரர் திட்டுகிறார். கால் மணி நேரம் நிற்கிறது. அப்புறம் போய்ச் சேர்ந்து பணத்தை வாங்குகிறாள். இதற்கு மேல் என்ன மோதல் வேண்டும்?

குமுளி வாத்தியார்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம் தம்பி, கூச்சம் வேண்டாம்.

உங்கள் போலீஸ்காரர் யாரைத் திட்டுகிறார்? டிரைவரை. பாண்டியம்மாவிடம் அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை, அவளுக்கும் அவரிடம் ஒன்றும் வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு உரமூட்டையை வைத்திருந்தாலும் அந்தக் கால் மணி நேரம் அப்படியேதான் கழிந்திருக்கும். அவள் ஒன்றை அடையப் பார்க்க வேண்டும், இன்னொருவர் அதைத் தடுக்க வேண்டும், அவள் மறுபடி முயல வேண்டும். அதுதான் மோதல். ஜீப் நிற்பது ஜீப் நிற்பதுதான்.

கூடலூர் செல்வம்:
தாமதம் தடையில்லையா சார்? அவள் நெஞ்சு படபடக்கிறதைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறேன். படித்தீர்களா இல்லையா?

குமுளி வாத்தியார்:
படித்தேன். இரண்டு முறை படித்தேன், அது என் தலையெழுத்து. எதற்குப் படபடக்கிறது? சூப்பர்வைசர் எட்டு மணிக்கு வண்டன்மேட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று முன்னாலேயே ஒரு வரி இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நஷ்டம். உங்கள் கதையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார், கேட்டவுடன் எண்ணிக் கொடுக்கிறார். கால் மணி நேரத் தாமதத்தால் அவள் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. படபடப்பு உங்களுக்குத்தான் இருந்திருக்கிறது.

மெட்டுரோட்டுக்காரன்:
நான் அந்த ரோட்டில் பல வருஷம் ஜீப் ஓட்டியவன். கால் மணி நேரமெல்லாம் யாரும் நிறுத்தமாட்டார்கள் அண்ணே. பின்னால் இருபது ஜீப் வரிசையாக நிற்கும்போது ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு எவன் பேசுவான்? கதை எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது விடிகாலையில் அங்கே வந்து பார்க்க வேண்டும்.

கூடலூர் செல்வம்:
நான் கூடலூர்க்காரன். எனக்கு அந்த செக்போஸ்ட் தெரியாதா?

பீர்மேடு மலர்:
எல்லோரும் செக்போஸ்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கோளாறு அங்கே இல்லை. அவளுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, அதுதான் கோளாறு. டுவைட் ஸ்வைன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1965இலேயே சொல்லிவிட்டார்: இலக்கு, மோதல், அப்புறம் பேரிடர். ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் பாத்திரம் தோற்க வேண்டும். பணத்தைக் கொடுக்காதீர்கள், காட்சி சரியாகிவிடும்.

குமுளி வாத்தியார்:
மலர் மேடம் பாதியைச் சொல்லிவிட்டு முழுசு என்கிறார். ஸ்வைன் பேரிடர் என்று எழுதினார், சரி. செல்வத்தின் காட்சியில் சூப்பர்வைசர் “இல்லை, போ” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவள் எதுவும் செய்யாமல் ஜெயித்தது போய், எதுவும் செய்யாமல் தோற்பாள். இரண்டும் ஒன்றுதான். முடிவு எதுவானாலும், நடுவில் அவள் செய்த காரியத்திலிருந்து அது வர வேண்டும்.

அதே ஜீப், அதே செக்போஸ்ட். மாற்றிக் காட்டுகிறேன்.

சனிக்கிழமை, சம்பள நாள். ஆள் அதிகம், இரண்டு பேரை இறக்கினால்தான் வண்டி போகும் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். அவர் வேலை அதோடு முடிந்தது. டிரைவர் திரும்பி, கடைசியாக ஏறியது யார் என்கிறார். ஒரு சின்னப் பெண் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிடுகிறாள். இன்னும் ஒருத்தி. மிச்சமிருப்பது பாண்டியம்மாவும், அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவும்.

இப்போது அவள் இலக்கு 3000 ரூபாய் இல்லை. அது கதையின் இலக்கு. இந்தக் காட்சியின் இலக்கு, ஜீப்பை விட்டு இறங்காமல் இருப்பது. கிடைத்ததா இல்லையா என்று வாசகன் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்.

முதலில் கெஞ்சுகிறாள்: “இன்னைக்கு மட்டும்ணே.” எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்கிறார் டிரைவர். அப்புறம் இரட்டைக் கூலி தருகிறேன் என்கிறாள். அபராதம் போட்டால் அதைவிட அதிகம் என்கிறார். மூன்றாவதாக, அக்கா விடியற்காலையில் அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னதை எடுத்து விடுகிறாள்: “அக்காவுக்கு ராத்திரி பூரா காய்ச்சல். அவங்களால காய் எடுக்க முடியாது.” ஜீப்பே அக்காவைப் பார்க்கிறது. “அப்ப எறங்கு, படுத்துக் கெட” என்று பக்கத்தில் இருக்கிறவள் சொல்கிறாள். அக்கா ஒன்றும் பேசாமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்.

முதல் முயற்சிக்குச் செலவு ஒன்றுமில்லை, இரண்டாவதற்குக் காசு, மூன்றாவதற்கு ஒரு மனுஷி. விலை ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். இடம் கிடைத்துவிட்டது, அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் அக்கா பொறுப்பேற்றால்தான் முன்பணம் என்று சூப்பர்வைசர் போன வாரமே சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் இரண்டாம் காட்சியில் போட்டுவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளியைத் தன் வாயாலேயே இறக்கிவிட்டாள். இனி அடுத்த காட்சியில் அவள் சும்மா போய்ப் பணம் கேட்க முடியுமா?

பீர்மேடு மலர்:
இதைத்தானே நான் சொன்னேன்! பேரிடர்!

குமுளி வாத்தியார்:
இல்லை. நீங்கள் சொன்னது தோல்வி. இவள் கேட்டது கிடைத்தது.

பீர்மேடு மலர்:
கிடைத்தது, ஆனால் கெட்டது. கெட்டால் அது பேரிடர். ஸ்வைன் அதோடு விடவில்லை. பேரிடருக்குப் பிறகு எதிர்வினை, இக்கட்டு, முடிவு என்று இன்னொரு பகுதி வைத்தார். அக்கா இறங்கின பிறகு மலைப்பாதையில் பாண்டியம்மா என்ன நினைக்கிறாள், என்ன செய்வதென்று தீர்மானிக்கிறாள்? உங்கள் திருத்தத்தில் அது காணோமே வாத்தியாரே.

குமுளி வாத்தியார்:
அது அடுத்த பகுதியில் வரும். நான் காட்சியை எழுதிக் காட்டினேன். உங்களுக்கு நாவல் எழுதித்தர நேரமில்லை. மேலும், எல்லாக் காட்சியிலும் தோற்றுக்கொண்டே இருந்தால் நாலாவது காட்சியிலேயே வாசகன் முடிவைச் சொல்லிவிடுவான். போன வருஷப் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய கதையில் அப்படித்தான் நடந்தது.

பீர்மேடு மலர்:
அந்தப் போட்டிக்கு நடுவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கூடலூர் செல்வம்:
என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பணம் இல்லாதவளுக்குப் பணம் வந்தது. அது மாற்றம் இல்லையா?

குமுளி வாத்தியார்:
மூன்றாம் காட்சியை எடுத்துவிட்டு, நான்காம் காட்சியை “கட்டணம் கட்டியாகிவிட்டது” என்று தொடங்கிப் பாருங்கள். உங்கள் கதையில் ஒரு சொல் இடிக்காது. நான் அப்படி வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். என் காட்சியை எடுத்துவிட்டால், அக்கா ஏன் பேசுவதில்லை, பாண்டியம்மா ஏன் சூப்பர்வைசரிடம் பொய் சொல்கிறாள் என்று நான்காம் காட்சி நொண்டும். மாற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி தேட வேண்டாம்.

கூடலூர் செல்வம்:
எடுத்துவிட்டால் மெட்டுப் பனி போய்விடுமே? அந்த வர்ணனையை மூன்று பேர் பாராட்டினார்கள்.

சாந்தன்பாறை மணி:
எல்லைப்புறத்தில் இருந்துகொண்டு மோதலுக்கு ஏன் அலைகிறீர்கள்? முல்லைப் பெரியாறு இருக்கிறது. ஜீப்பில் ஒரு மலையாளியையும் ஒரு தமிழனையும் உட்காரவைத்து அணையைப் பற்றிப் பேசவிடுங்கள்.

குமுளி வாத்தியார்:
அணை 1895இலிருந்து இருக்கிறது. உங்கள் இரண்டு பேரும் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகும் இருக்கும். கத்தி முடித்ததும் எவனுக்கு என்ன ஆயிற்று? ஒருவன் இன்னொருவனிடம் இன்று காலை ஒன்றைக் கேட்டு வந்திருக்க வேண்டும், அந்தப் பேச்சால் அது கைவிட்டுப் போக வேண்டும். அப்போது அணை உள்ளே வரலாம். இல்லையென்றால் அது டீக்கடை வாக்குவாதம்.

சாந்தன்பாறை மணி:
டீக்கடை வாக்குவாதமா? 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் போனது உங்களுக்கு டீக்கடை விஷயமாகத் தெரிகிறது. குமுளியில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பீர்மேடு மலர்:
மணி அண்ணா, நான் பீர்மேட்டில் பிறந்தவள். எந்தப் பக்கமும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறேன்.

சாந்தன்பாறை மணி:
சரி, அதை விடுங்கள். என் கதையில் ஏழு பெண்கள் ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள், பேசிக்கொண்டே வருகிறார்கள். யாருக்கும் இலக்கு கிடையாது. கை முழுக்க ஏலக்காய் வாசம், தூக்கம். அவ்வளவுதான். அது காட்சி இல்லை என்று சொல்லிவிடுவீர்களா?

குமுளி வாத்தியார்:
நாலு வரியில் சொல்லி நகருங்கள், நன்றாக இருக்கும். நாலு பக்கம் எழுதினால் வாசகனும் தூங்குவான்.

சாந்தன்பாறை மணி:
நாலு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். ஒருத்தரும் தூங்கவில்லை.

மெட்டுரோட்டுக்காரன்:
வாத்தியார் காட்சியிலேயே ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஆள் அதிகம் என்றால் நாங்கள் செக்போஸ்டுக்கு முன்னாலேயே இரண்டு பேரை இறக்கிவிடுவோம். அவர்கள் நடந்து அந்தப் பக்கம் வருவார்கள், வளைவுக்கு அப்பால் மறுபடி ஏற்றிக்கொள்வோம். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அந்த அக்கா எதற்கு வீட்டுக்குப் போக வேண்டும்?

குமுளி வாத்தியார்:
அன்றைக்கு வளைவுக்கு அப்பாலும் போலீஸ் நிற்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும்.

மெட்டுரோட்டுக்காரன்:
அப்படி நின்றால் எங்களுக்கு எதிரே வரும் வண்டிக்காரன் லைட்டைப் போட்டுக் காட்டிவிடுவான். கம்பத்திலேயே ஆளைக் குறைத்துத்தான் ஏற்றியிருப்போம். சின்னப் பெண்ணுக்கும் வேலை இருக்கிறது. அவளை மட்டும் ஏன் சும்மா இறக்கினீர்கள்?

குமுளி வாத்தியார்:
காய்ச்சல்காரியால் நடக்க முடியாது. போதுமா?

மெட்டுரோட்டுக்காரன்:
விடிகாலையில் எழுந்து சோறு கட்டி ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தவள், செக்போஸ்டைத் தாண்டி நூறு அடி நடக்கமாட்டாளா?

கூடலூர் செல்வம்:
இத்தனைக்கும் செக்போஸ்டை இரண்டு பேருமே எடுக்கவில்லை. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

குமுளி வாத்தியார்:
தம்பி, நீங்கள் சொன்னது அது இல்லை.

பீர்மேடு மலர்:
வாத்தியாரே, மலைப்பாதையில் அவள் என்ன தீர்மானித்தாள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

மெட்டுரோட்டுக்காரன்:
எனக்கும் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் ஏறினாளா இல்லையா?